ஒரே வால்வு, மூன்று கணக்கு: தெர்மோடைனமிக்ஸ் நோட்ஸை எப்படிப் பிரிப்பது?

கேட் தேர்வுக்குப் படிக்கிறவர்களின் தெர்மோடைனமிக்ஸ் நோட்டைப் புரட்டினால், பாடப்புத்தகத்தின் வரிசை அப்படியே இருக்கும். மூடிய அமைப்பு, திறந்த அமைப்பு, என்ட்ரோபி என்று தலைப்புகள், அவற்றின் கீழே சூத்திரங்கள். படிக்கும்போது எல்லாம் புரியும். ஆனால், தேர்வில் வரும் கணக்கின் நெற்றியில் அது எந்த அத்தியாயம் என்று எழுதி ஒட்டியிருக்காதே!

ஓர் உதாரணம். 27°C, அதாவது 300 கெல்வினில் இருக்கும் காற்று ஒரு வால்வைத் தாண்டிப் போகிறது. வெப்பம் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. தாண்டிய காற்றின் வெப்பநிலை என்ன?

வால்வு ஒரு குழாயின் நடுவே இருந்து, காற்று சீராக ஓடிக்கொண்டிருந்தால் விடை 300 கெல்வின். மூடிய பெட்டியின் ஒரு பாதியில் காற்று, மறு பாதி வெற்றிடம், நடுவே வால்வு என்றாலும் அதே 300தான். ஆனால், பெரிய சப்ளை லைனிலிருந்து ஒரு காலி டேங்க்குக்குள் காற்று நிரம்புகிறது என்றால் விடை 420 கெல்வின். அதாவது 147°C!

புத்தகத்தில் இந்த மூன்றும் வெவ்வேறு இடங்களில் இருக்கும். நோட்டில் இவற்றை ஒரே பக்கத்தில் வைத்து, மேலே இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிக்கொள்ளலாம். எல்லைக்கோட்டைத் தாண்டிக் காற்று போகிறதா? எல்லைக்குள் இருக்கும் காற்றின் அளவு நேரத்தோடு மாறுகிறதா?

குழாயில் காற்று எல்லையைத் தாண்டுகிறது, ஆனால் உள்ளே எதுவும் மாறவில்லை. எனவே நுழையும் என்தால்பியும் வெளியேறும் என்தால்பியும் சமம். பெட்டியில் எதுவும் எல்லையைத் தாண்டவே இல்லை, அக ஆற்றல் அப்படியே இருக்கிறது. டேங்க்கில் காற்று எல்லையைத் தாண்டி வருகிறது, உள்ளே இருப்பதும் கூடிக்கொண்டே போகிறது. பலரும் சறுக்குவது இங்கேதான். 'வால்வு என்றாலே என்தால்பி சமம்' என்று குழாய்க் கணக்கை இங்கே போட்டு, 300 என்று எழுதிவிடுகிறார்கள்.

டேங்க்குக்குள் நுழையும் காற்றைப் பின்னாலிருக்கும் காற்று தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளச் செலவான ஆற்றல் திரும்பிப் போக வழியில்லாததால், உள்ளே வெப்பமாகத் தங்கிவிடுகிறது. லைனில் என்தால்பியாக இருந்தது டேங்க்கில் அக ஆற்றலாகிறது:

u₂ = h, அதாவது cᵥT₂ = cₚT

காற்றுக்கு cₚ/cᵥ சுமார் 1.4. எனவே 1.4 × 300 = 420 கெல்வின். இதையே செல்சியஸில் போட்டால் 37.8 வரும். நம்பும்படியாக வேறு இருக்கும், அதனால்தான் ஆபத்து. இன்னொரு வேடிக்கை, டேங்க்கின் அளவும் லைனின் அழுத்தமும் இந்த விடைக்குத் தேவையே இல்லை. கேள்வியில் கொடுத்திருந்தாலும் சரி.

அப்படியானால் 'டேங்க் என்றால் 1.4ஆல் பெருக்கு' என்று எழுதிவைத்துக்கொள்ளலாமா? கூடாது. அது பழைய தலைப்புப் பட்டியலின் இன்னொரு வடிவம்தான். டேங்க்கில் ஏற்கெனவே 1 பார், 300 கெல்வினில் காற்று இருக்கிறது, அதை 5 பார் வரை நிரப்புகிறார்கள் என்றால் 420 வராது. இப்போது எழுத வேண்டியது முழுக் கணக்கு:

m₂u₂ − m₁u₁ = (m₂ − m₁)h

எண்களைப் போட்டால் சுமார் 389 கெல்வின், அதாவது 116°C. முன்பே இருந்த காற்றும் சூட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால் 420ஐவிடக் குறைவு. விடை 300க்கும் 420க்கும் நடுவே வருகிறதா என்று பார்ப்பதே இங்கே நல்ல சோதனை. பெருக்கல் சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்கு இந்தக் கணக்கு புதிது. இரண்டு கேள்விகளைக் கேட்டவருக்கோ அதே பழைய கணக்கு.

மாணவர்கள் தலைப்பில் மாட்டிக்கொள்வது புதிதல்ல. 1981இல் மிஷெலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், இயற்பியல் கணக்குகளைத் தரம் பிரிக்கச் சொன்னார்கள். புதியவர்கள் 'சாய்தளம்', 'ஸ்பிரிங்' என்று கண்ணில் படும் பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள், தீர்க்க உதவும் விதியை வைத்துப் பிரித்தார்கள். 'வால்வு' என்பதும் அப்படிக் கண்ணில் படும் பொருள்தான்.

நிஜ டேங்க்கில் 420 வராது. இரும்புச் சுவர் சூட்டை வாங்கிக்கொள்ளும், உயர் அழுத்தத்தில் வாயுவும் இலட்சிய வாயுவாக நடந்துகொள்ளாது. ஆனாலும் சூடேறுவது உண்மை. சிஎன்ஜி வண்டியில் வேகமாக நிரப்பிய பிறகு, சிலிண்டர் ஆற ஆற அழுத்தமானி சற்றே இறங்குவது இதனால்தான். ஹைட்ரஜன் கார்களில் டேங்க் 85°Cஐத் தாண்டக் கூடாது என்பதால், வேகமாக நிரப்பும் நிலையங்களில் வாயுவை முன்கூட்டியே மைனஸ் 40°C அளவுக்குக் குளிர்வித்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.