ஒப்புதலான விடுப்பை நீட்டிக்கக் கேட்பது எப்படி? சந்தேகங்களும் விளக்கங்களும்

தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளதால், விடுப்பு விதிகள் குறித்து வாளையார், கஞ்சிக்கோடு ஆலைத் தொழிலாளர்களிடையே குழப்பம் நிலவுகிறது.

ஆலையின் பழைய நிலையாணை இனிச் செல்லாதா?

1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம் நீக்கப்பட்டுள்ளது. புதிய தொகுப்பின்படி 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கே நிலையாணை கட்டாயம். எனினும் ஏற்கெனவே சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள், புதிய சட்டத்துக்கு முரண்படாத அளவில் தொடரும். கீழே தரப்படும் விளக்கங்கள் மத்திய அரசின் பழைய மாதிரி நிலையாணையைச் சார்ந்தவை; நாள் கணக்கு ஆலைக்கு ஆலை மாறலாம்.

விடுப்பில் ஊருக்குப் போன பிறகு கூடுதல் நாள் கேட்கலாமா?

கேட்கலாம். விடுப்பு முடியும் முன்பே நிர்வாகத்துக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நீட்டிப்பு உண்டா இல்லையா என்பதை நிர்வாகம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆனால் தொழிலாளியின் முகவரி தெரிந்து, விடுப்பு முடிவதற்குள் பதில் அவருக்குக் கிடைக்க வாய்ப்பிருந்தால் மட்டுமே இந்தக் கடமை எழும். எனவே தங்கியிருக்கும் முகவரியைக் கட்டாயம் எழுத வேண்டும்.

காரணத்தை எப்படி எழுதுவது?

முதலில் கேட்ட நாள்கள் ஏன் போதவில்லை என்பதே விளக்கத்தின் மையம். உதாரணமாக, தாயின் அறுவை சிகிச்சைக்காக 10 முதல் 17ஆம் தேதி வரை ஒருவருக்கு விடுப்பு கிடைத்துள்ளது. 12ஆம் தேதி நடக்கவிருந்த சிகிச்சை 16ஆம் தேதிக்குத் தள்ளிப்போகிறது என்று கொள்வோம். பழைய தேதி, புதிய தேதி, 22ஆம் தேதி வரை நீட்டிப்பு தேவை, 23ஆம் தேதி வேலைக்குத் திரும்புவார் ஆகிய விவரங்களை 13ஆம் தேதியே எழுதி, மருத்துவமனைச் சான்றுடன் அனுப்புவது முறை. 'குடும்பச் சூழ்நிலை' என்று மட்டும் எழுதினால் மாற்றம் என்ன என்பது நிர்வாகத்துக்குப் புரியாது.

போனில் சொன்னால் போதாதா?

பின்னாளில் தகராறு எழுந்தால் வாய்மொழித் தகவலை நிரூபிப்பது கடினம். விரைவுத் தபால் ரசீது அல்லது நிர்வாகம் ஏற்கும் மின்னஞ்சலின் நகல் கையில் இருப்பது அவசியம்.

பதில் வராமலேயே விடுப்பு முடிந்துவிட்டால்?

விண்ணப்பித்ததாலேயே நீட்டிப்பு கிடைத்ததாக ஆகாது. விடுப்பு முடிந்த 8 நாள்களுக்குள், மேற்கண்ட உதாரணத்தில் 25ஆம் தேதிக்குள், திரும்பி வந்து தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் கூற வேண்டும். தவறினால் அந்தப் பணியிடத்தின் மீதான உரிமை போய்விடும். பதிலித் தொழிலாளர் பட்டியலில் இடம்பெறும் உரிமை மட்டுமே மிஞ்சும்.

8 நாள் கடந்தால் உடனே வேலை போய்விடுமா?

சென்னை பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளி ஒருவர் 1957இல் விடுப்பு முடிந்தும் நீட்டிப்பு கேட்காமல் இருந்து, மார்ச்சில் மருத்துவச் சான்றுடன் திரும்பினார். அவரை ஏற்க மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் 1993இல் டி.கே.யாதவ் வழக்கில் அதே நீதிமன்றம், விசாரணை நடத்தித் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்காமல் பெயரை நீக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. யாதவை 50 சதவீத நிலுவை ஊதியத்துடன் மீண்டும் பணியில் சேர்க்கவும் உத்தரவிட்டது.