ஒரு நாள் குறைந்தால் ஓய்வூதியம் குறையும்

ஒரு அரசு அலுவலகத்தில் மாதத்தின் கடைசி நாள் மதியம் பொன்னாடை வரும், மாலை வரும், கேக் கூட வரும். ஓய்வு பெறுபவர் மனைவி மக்களோடு கூச்சத்துடன் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அடுத்த மாதம் அவர் கணக்கில் ஓய்வூதியம் வந்து சேருமா என்பது அந்த மேடையில் முடிவாவதில்லை. அது பல மாதங்களுக்கு முன்பே, பணியமைப்புப் பிரிவின் இரும்பு அலமாரியிலுள்ள ஒரு தடித்த பதிவேட்டில் முடிவாகியிருக்கும்.

அரசு ஊழியர்கள் ‘எஸ்.ஆர்.’ என்று சொல்லும் பணிப்பதிவேடுதான் அது. வேலையில் சேர்ந்த நாள், பிறந்த தேதி, ஊதிய உயர்வு, இடமாற்றம், விடுப்பு எல்லாம் அதில் ஒவ்வொரு வரியாக ஏறும். இப்போது விவரங்கள் கணினிக்குப் போய்விட்டன. ஆனாலும் 1990களில் வேலைக்கு வந்தவர்களின் முதல் இருபது ஆண்டுக் கதை கையெழுத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். அதற்குப் பிறகு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு முடிக்கும் முறை வேறு. இங்கே பேசுவது முதல் வகையினரைப் பற்றி. ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. அறுபது நிறைவடையும் மாதத்தின் கடைசி நாள் பிற்பகலில் ஓய்வு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் மட்டும் முந்தைய மாதக் கடைசியிலேயே கிளம்பிவிட வேண்டும்.

மூன்று மாத விடுப்பும் ஒரு நாளும்

எடுத்துக்காட்டுக்கு ஒரு பெண் கண்காணிப்பாளரை வைத்துக்கொள்வோம். பிறந்தது 1966 ஜூன் 12. பணியில் சேர்ந்தது 1997 ஜனவரி 2. ஓய்வு 2026 ஜூன் 30. கூட்டிப் பார்த்தால் 29 ஆண்டு, 5 மாதம், 29 நாள் பணி.

ஓய்வூதியத்துக்கான பணிக்காலம் அரையாண்டுக் கணக்கில் எண்ணப்படுகிறது. முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டு, அதாவது 60 அரையாண்டு வேண்டும். மிச்சம் நிற்பது மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் ஓர் அரையாண்டாகச் சேரும். அந்த வகையில் இவருக்கு 59 அரையாண்டு.

பதிவேட்டைப் புரட்டிய உதவியாளர் ஒரு பக்கத்தில் நின்றுவிடுகிறார். 2004 மார்ச் 1 முதல் மே 31 வரை ‘ஊதியமில்லா அசாதாரண விடுப்பு’ என்று ஒரு வரி. மருத்துவச் சான்றின்பேரில் கொடுத்ததா, சொந்தக் காரணத்துக்காகவா என்று ஒரு சொல்லும் இல்லை.

“மேடம், இந்த மூணு மாசம் எதுக்கு லீவு போட்டீங்க?”

“கர்ப்பப்பை ஆபரேஷன் தம்பி. டாக்டர் சர்டிபிகேட் குடுத்துத்தான் லீவே வாங்கினேன்.”

அந்த ஒரு பதில் காகிதத்தில் ஏற வேண்டும். ஏனென்றால் மருத்துவச் சான்றோடு எடுத்த ஊதியமில்லா விடுப்பு பணிக்காலத்தில் சேரும். சான்றில்லாமல் சொந்தக் காரணத்துக்கு எடுத்தது கழிந்துபோகும். மூன்று மாதம் கழிந்தால் மிச்சம் 29 ஆண்டு, 2 மாதம், 29 நாள். மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு நாள் குறைவு. அரையாண்டு 58 ஆகிவிடும்.

அந்த ஒரு நாளின் விலை என்ன? கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைப்போம். கடைசிச் சம்பளம், கடைசிப் பத்து மாதச் சராசரி ஆகிய இரண்டில் எது ஊழியருக்கு லாபமோ, அதில் பாதிதான் முழு ஓய்வூதியம். இவருக்கு அது 30,000. இதில் அறுபதில் 59 பங்கு என்றால் 29,500 ரூபாய். 58 பங்கு என்றால் 29,000. மாதம் 500 ரூபாய் இழப்பு, அதற்கான அகவிலைப்படி தனி. பணிக்கொடையும் குறையும். சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் கால் பங்கு வீதம் ஒவ்வோர் அரையாண்டுக்கும் பணிக்கொடை உண்டு. அந்தத் தொகை 90,000 என்று கொண்டால் ஓர் அரையாண்டு 22,500 ரூபாய். 13,27,500 கிடைக்க வேண்டிய இடத்தில் 13,05,000தான் வரும்.

இதைச் சரிசெய்ய 2004இன் விடுப்புக் கோப்பைத் தேடி, விடுப்பு அனுமதித்த ஆணையை எடுக்க வேண்டும். ஆணையில் மருத்துவச் சான்று பற்றிய குறிப்பு இருந்தால், அதை மேற்கோள் காட்டிப் பதிவேட்டில் எழுதி அலுவலகத் தலைவர் கையொப்பமிட வேண்டும். பழைய கோப்புகளைக் கழித்துவிட்ட அலுவலகமாக இருந்தால் தேடல் நீளும். அதற்கே மாதங்கள் போகும். கடைசி வாரத்தில் இந்த வேலை நடக்காது.

பதிவேட்டில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஆண்டுதோறும் போட வேண்டிய ‘பணி சரிபார்க்கப்பட்டது’ என்ற சான்று. சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு அந்த வரியை எழுதுவது வழக்கம். மாறுதலில் போன ஆண்டுகளில்தான் இது பெரும்பாலும் விடுபடும். பழைய அலுவலகம் புது அலுவலகம் எழுதும் என்று விட்டிருக்கும். புது அலுவலகம் பழைய காலம் நம்முடையது அல்ல என்று விட்டிருக்கும். அந்த ஊருக்கு ஆள் போய்ச் சம்பளப் பட்டியலைப் பார்த்துச் சான்று வாங்கி வர வேண்டியிருக்கும்.

மிகைச் சம்பளம் என்ற கத்தி

பத்து ஆண்டில் தேர்வு நிலை, இருபதில் சிறப்பு நிலை, நடுவே பதவி உயர்வு, ஊதியக் குழு மாற்றங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஊதிய நிர்ணயம் நடந்திருக்கும். அதில் ஓரிடத்தில் ஒரு ஊதிய உயர்வு கூடுதலாகப் போட்டிருந்தால் அதன்பின் வந்த எல்லாச் சம்பளமும் கூடுதல்தான். ஓய்வுக் காகிதங்களைச் சரிபார்க்கும்போது இது வெளிப்பட்டால், பல ஆண்டு மிகைத்தொகையைப் பணிக்கொடையில் பிடிக்கும்படி குறிப்பு வரும்.

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. 2014 டிசம்பரில் ரஃபீக் மசீ வழக்கில் உச்ச நீதிமன்றம், கீழ்நிலைப் பிரிவுப் பணியாளர்களிடமும், ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர்களிடமும், அலுவலகத்தின் தவற்றால் கொடுத்த மிகைத்தொகையை வசூலிப்பது கூடாது என்றது. ஆனாலும் வசூலுக்குத் தடை கேட்டு வழக்காடுவதைவிட, ஊதிய நிர்ணய ஆணைகளை முன்கூட்டியே ஒருமுறை சரிபார்த்து வைப்பது நல்லது. தவறு என்று தெரிந்த ஊதியத்தின் மீது ஓய்வூதியம் கணக்கிட மாட்டார்கள்.

குடும்பத்தின் காகிதங்கள்

ஊழியர் தரும் காகிதங்களில் முக்கியமானவை குடும்ப விவரப் பட்டியல், கணவன்-மனைவி சேர்ந்த புகைப்படம், மாதிரிக் கையொப்பம், அங்க அடையாளங்கள், வங்கிக் கணக்கு விவரம், பணிக்கொடைக்கான வாரிசு நியமனம் ஆகியவை. இவை சாதாரணமாகத் தோன்றும். கஷ்டம் தெரிவது ஓய்வூதியர் இறந்த பிறகுதான்.

குடும்ப ஓய்வூதியம் பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் முப்பது சதவீதம். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருந்தால், கணவனை இழந்த பெண் கருவூலத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அலைய வேண்டும். தலைப்பெழுத்து கணவர் பெயருக்கு மாறியிருப்பது, பிறந்த தேதி இரண்டு இடத்தில் இரண்டாக இருப்பது, பழைய வாரிசு நியமனத்தில் காலமான அப்பாவின் பெயரே நிற்பது ஆகிய மூன்றையும் ஊழியர் வேலையில் இருக்கும்போதே திருத்திவிடலாம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் பட்டியலில் கட்டாயம் காட்டி, மருத்துவச் சான்றையும் இணைக்க வேண்டும். சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது.

இதே நேரத்தில் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தொகுத்துப் பெறவும் விண்ணப்பம் தரலாம். மூன்றில் ஒரு பங்கு வரை மொத்தப் பணமாகக் கிடைக்கும். மாத ஓய்வூதியம் அந்த அளவு குறைந்து, 15 ஆண்டு கழித்து முழுமையாகத் திரும்பும். ஓய்வு பெற்று ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை.

கருத்துருவும் சான்றுகளும்

இவை எல்லாம் ஓய்வூதியக் கருத்துருவாகச் சேர்ந்து, பணிப்பதிவேட்டோடு சென்னை அண்ணா சாலையிலுள்ள மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே சரிபார்த்து ஓய்வூதியம், பணிக்கொடை, தொகுப்புத் தொகை மூன்றுக்கும் தனித்தனி ஆணை கொடுப்பார்கள். பதிவேட்டில் ஓட்டை இருந்தால் கருத்துரு கேள்விகளோடு திரும்பி வரும். அது போய்த் திரும்பி மறுபடி போவதற்குள் ஓய்வு நாள் கடந்துவிடும்.

கூடவே நிலுவையின்மைச் சான்றும் தேவை. வீடு கட்டும் முன்பணத்தில் பலரும் ஏமாறுவது வட்டியில்தான். முதலில் அசல் பிடித்து முடிந்து, பிறகு வட்டி பிடிப்பார்கள். அசல் முடிந்ததும் கடன் தீர்ந்தது என்று நினைத்தவருக்குக் கடைசியில் வட்டிப் பாக்கி தெரியவரும். அரசுக் குடியிருப்பில் இருந்தால் அதற்கும் வாடகைப் பாக்கி இல்லை என்ற சான்று வேண்டும்.

துறை நடவடிக்கை நிலுவையில் இல்லை என்ற சான்று இன்னும் முக்கியம். ‘17(பி)’ குற்றச்சாட்டு முடியாமல் நின்றால் தற்காலிக ஓய்வூதியம்தான். பணிக்கொடை நிறுத்தி வைக்கப்படும்.

தனிப் பாதையில் செல்லும் இரண்டு கணக்குகளும் உண்டு. பொது வருங்கால வைப்பு நிதியை முடிக்கும்போது, சில மாதச் சந்தா பெயரில் ஏறாமல் விடுபட்டிருப்பது தெரியவரலாம். சம்பளப் பட்டியல் எண்ணையும் தேதியையும் கொடுத்தால்தான் அது சேரும். ஈட்டிய விடுப்புக் கணக்கில் கடைசிவரை வரவு வைத்து, 240 நாள் வரை பணமாக்கும் ஆணையையும் அலுவலகமே போட வேண்டும்.

கடைசி நாளில் மிஞ்சுவது குறைவு. பொறுப்பு ஒப்படைப்புச் சான்று, அடையாள அட்டை திருப்புதல், பணியிலிருந்து விடுவிக்கும் ஆணை, கருவூலத்துக்குக் கடைசி ஊதியச் சான்று. மற்ற எல்லாம் அன்றைக்கு முடிந்திருக்க வேண்டியவை.

பணிப்பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக் கையொப்பமிட ஊழியருக்கு உரிமை உண்டு. ஓய்வுக்கு நான்கைந்து ஆண்டு இருப்பவர்கள் இந்த வாரமே அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊதியமில்லா விடுப்பு எழுதிய பக்கம், ஆண்டுச் சரிபார்ப்புச் சான்று விடுபட்ட பக்கம், குடும்ப விவரம் உள்ள பக்கம் ஆகிய மூன்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விடுபட்டதைத் திருத்தச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.