ஐந்நூறு வருட நெசவுக்குப் பதினாறு மார்க்

‘கொங்கு நாட்டில் நெசவுத் தொழிலின் வளர்ச்சியை விவரி. (16)’. எடப்பாடியில் வரலாறு எடுக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் இந்தக் கேள்வியோடு டீக்கடைக்கு வந்தார். நிலைவாரியாக மார்க் போடும் திட்டம் ஒன்றும் இதற்கு வேண்டுமாம். தறிச் சத்தம் ஓயாத ஊர், பிள்ளைகளுக்கு எழுத விஷயம் கிடைக்கும் என்று நம்பி இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறார். தலைப்பு நல்ல தலைப்புத்தான். கேள்விதான் ஆகாது.

“ஏனுங்க சார், ஆகாது?”

‘விவரி’ என்றால் பிள்ளை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். ‘வளர்ச்சி’ என்று தீர்ப்பையும் நாமே சொல்லிவிட்டோம். அப்புறம் நாற்பது விடைகளும் ஒரே ஜாதியாகத்தான் வரும். ஒன்று நீளம், ஒன்று குட்டை. யோசனையில் வித்தியாசமே வராதபோது நிலை பிரிக்க என்ன இருக்கிறது? பக்கத்தை எண்ணி மார்க் போட வேண்டியதுதான்.

நம் பிளஸ் டூ தாளில் ஐந்து மார்க் விடையைக் குறிப்புக் குறிப்பாகத் திருத்திப் பழகிவிட்டோம். குறிப்பு இருந்தால் மார்க், இல்லையென்றால் இல்லை. நிலைவாரித் திட்டம் வேறு மாதிரி. விடை முழுவதையும் படித்து, இது எந்த நிலை என்று முதலில் முடிவு செய்யணும். அந்த நிலைக்குள் கூட்டுவதும் குறைப்பதும் பிறகு. இங்கிலாந்தின் ஜி.சி.எஸ்.இ. வரலாற்றில் எடெக்செல் வாரியம் மருத்துவத்தை 1250 முதல் இன்றுவரை ஒரே பாடமாக வைத்திருக்கிறது. அதில் 16 மார்க் கேள்விக்கு நான்கு நிலைகள். கேள்விக்கு அடியில் இரண்டு துணைக்குறிப்பு கொடுப்பார்கள். அவற்றைத் தாண்டிச் சொந்தமாக எதுவும் சேர்க்காத விடை மேல்நிலைக்கு ஏறாது. இந்த ஏற்பாட்டை நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் கேள்வியைத் திருத்துவோம். ஐந்நூறு வருடத்துக்கு ‘நெசவுத் தொழில்’ முழுவதையும் எடுத்தால் கைக்கு அடங்காது. ஒரே ஒரு அம்சத்தைப் பிடிக்கணும். நான் எழுதிக் கொடுத்தது இது: ‘1500 முதல் 2000 வரை கொங்கு நாட்டு நெசவில் தறி மாறியது, நெய்பவருக்கும் பணம் போடுபவருக்கும் உள்ள உறவு மாறவில்லை. இக்கூற்றை நீங்கள் எவ்வளவு தூரம் ஏற்கிறீர்கள்?’

இது சரியா தப்பா என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அதற்காகத்தான் இப்படி எழுதினேன். முதல் பாதியையே பாருங்கள். தறி மாறியதாம். ஆனால் நானூறு வருடம் அது பெரிதாக மாறவேயில்லை. குழித்தறியும் கையால் வீசும் நாடாவும்தான். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சேலத்தில் அரசு நெசவாலை வைத்து விசைநாடாவைப் பரப்பப் பார்த்தார். நெசவாளர்கள் மணியடித்தால் வரவும் போகவும் பிரியப்படவில்லை. வீட்டுத் தறியில், குடும்பத்தோடு, தன் நேரத்துக்கு நெய்வதையே விரும்பினார்கள். மாறாமல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு என்பதை இந்த ஒரு சம்பவத்தை வைத்தே பிள்ளை காட்டிவிடலாம்.

இரண்டாம் பாதி இன்னும் ருசியானது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் தறிக்கு வரி உண்டு. நெய்பவர் வரி கட்டும் குடி. 1792இல் சேலம் பகுதி திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போனது. கம்பெனியின் வணிக அதிகாரி சேலத்தில் இருந்துகொண்டு நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்கினார். கம்பெனி வியாபாரம் 1833 சாசனச் சட்டத்தோடு முடிந்தது, முன்பணம் முடியவில்லை. பிறகு உள்ளூர் முதலாளி பாவும் ஊடையும் கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைத்தார். விசைத்தறிக் காலத்தில் குமாரபாளையம் பக்கம் அதே முன்பணம் ‘பாக்கி’ என்று நடந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே கயிறு.

ஆனால் பிரசன்னன் பார்த்தசாரதி என்ற வரலாற்றாசிரியர் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறார். கம்பெனி ஆட்சிக்கு முன்பு தென்னிந்திய நெசவாளர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வியாபாரியிடம் போகலாம். அந்த வழியைக் கம்பெனி அடைத்தது. விசைத்தறியிலோ ஆள் தட்டுப்பாடு வரும்போது தொழிலாளியே கூடுதல் பாக்கி கேட்டு பேரம் பேசினார். ஆக, பெயரும் வழக்கமும் அப்படியே இருக்க, பிடி யார் கையில் என்பது மாறிமாறி வந்திருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நிலைகளை எழுதினோம். ‘முன்பு கைத்தறி இருந்தது, பிறகு விசைத்தறி வந்தது’ என்று தகவல் மட்டும் சொன்னால் முதல் நிலை, 1 முதல் 4. இரண்டு காலத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘அப்போதும் முன்பணம், இப்போதும் முன்பணம்’ என்று ஒப்பிட்டு, காரணம் சொல்லாமல் விட்டால் இரண்டாம் நிலை, 5 முதல் 8. குறைந்தது மூன்று காலத்தைத் தொட்டு, மாறியது எதனால், மாறாதது எதனால் என்று இரண்டுக்கும் காரணம் காட்டினால் மூன்றாம் நிலை, 9 முதல் 12. நான்காம் நிலைக்கு அளவுகோல் வேண்டும். ‘முன்பணம் இருந்ததா என்று பார்த்தால் உறவு மாறவில்லை, விட்டுப்போக முடிந்ததா என்று பார்த்தால் மாறியிருக்கிறது, இரண்டாவதே முக்கியம், ஏனென்றால்…’ என்று எழுதுகிற பிள்ளைக்கு 13 முதல் 16. கூற்றை ஏற்றாலும் சரி, மறுத்தாலும் சரி.

இங்கே வழக்கமாக வரும் கோளாறு ஒன்று. ‘ஓரளவு விளக்குகிறார்’, ‘நன்கு விளக்குகிறார்’, ‘மிக நன்கு விளக்குகிறார்’ என்று அடைமொழியை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது. உங்கள் ‘ஓரளவு’ எனக்கு ‘நன்கு’. ஒவ்வொரு நிலையிலும் பிள்ளை புதிதாக என்ன செய்கிறது என்று வினைச்சொல்லில் எழுதினால் இந்தத் தகராறு வராது. தகவல் சொல்கிறது, ஒப்பிடுகிறது, காரணம் காட்டுகிறது, எடைபோடுகிறது.

துணைக்குறிப்பாக அந்த ஆசிரியர் ‘விசைத்தறி’, ‘கூட்டுறவுச் சங்கம்’ என்று இரண்டு கொடுத்திருந்தார். இரண்டும் 20ஆம் நூற்றாண்டு. வகுப்பே அங்கே போய் உட்கார்ந்துவிடும். ஒன்றைக் ‘கிழக்கிந்தியக் கம்பெனி’ என்று மாற்றினோம். விஜயநகரக் காலத்தைப் பிள்ளை தானே கொண்டுவரட்டும். முன்பணத்தைக் குறிப்பாகக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் பாதி விடையை நாமே எழுதியது மாதிரி.

கடைசியாக ஒரு சோதனை. முன்னோட்டமாக எழுத வைத்து வாங்கிய, திருத்தாத மூன்று விடைகளை ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு பேர் தனித்தனியாக நிலை போடணும். ஒரு மார்க் இரண்டு மார்க் முன்னே பின்னே வந்தால் பரவாயில்லை. நிலையே மாறி வந்தால் திட்டத்தின் வாக்கியத்தில் ஓட்டை இருக்கிறது.

எங்களுக்கும் அப்படி ஒரு விடையில் வந்தது. விசைத்தறியையும் பாக்கியையும் பற்றி அருமையான எடைபோடல். ஆனால் 1947க்கு முன்னால் ஒரு வரிகூட இல்லை. அவர் 14 போட்டார், நான் 8. அளவுகோல் இருக்கிறதே என்றார் அவர். கேள்வி ஐந்நூறு வருடத்தைக் கேட்கிறதே என்றேன் நான். இரண்டு டீ ஆனபின், ‘ஒரே நூற்றாண்டுக்குள் நிற்கும் விடைக்கு, எடைபோடல் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், உச்சம் 10’ என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்து, தாளை அச்சுக்கு அனுப்புமுன் அதை வகுப்பிலும் சொல்லிவிடுவதென்று முடிவானது.