பள்ளி வேன் கட்டணம்: ரூ.2,000-க்குள் பாதுகாப்பு சாத்தியமா?

புதுதில்லி: தாய், தந்தை இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில், குழந்தையைப் பள்ளியில் விட்டுத் திரும்ப அழைத்து வரும் பொறுப்பைப் பெரும்பாலும் தனியார் வேன்களே ஏற்கின்றன. பள்ளியின் சொந்தப் பேருந்தைவிடக் கட்டணம் குறைவு என்பதும், வீட்டு வாசலுக்கே வந்து செல்லும் என்பதும் இதற்குக் காரணங்கள். ஆனால், அந்தக் குறைந்த கட்டணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அதன் ஒரு பகுதி பாதுகாப்புக்கான செலவைத் தவிர்ப்பதிலிருந்து வருவது தெரியும்.

சட்டம் சொல்வது என்ன?

1997-ஆம் ஆண்டு நவம்பரில் தில்லி வஜீராபாத் பாலத்திலிருந்து யமுனை ஆற்றில் பள்ளிப் பேருந்து கவிழ்ந்து 28 மாணவர்கள் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து, பள்ளி வாகனங்களுக்கான விரிவான உத்தரவுகளை உச்சநீதிமன்றம் பிறப்பித்தது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, மூடக்கூடிய கதவு, குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள ஓட்டுநர், மாணவர்களைக் கவனிக்க உதவியாளர் ஆகியவை அவற்றில் அடங்கும். இவற்றைப் பின்பற்றியே பல மாநிலங்களின் விதிகள் பின்னர் அமைந்தன.

கட்டணம் பெற்றுக்கொண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்லும் வேன், மோட்டார் வாகனச் சட்டப்படி வணிக வாகனம் ஆகும். அதற்கு மஞ்சள் நிற எண் பலகை, பர்மிட், தகுதிச் சான்று, வணிக வாகனக் காப்பீடு ஆகிய நான்கும் தேவை. தகுதிச் சான்றை, வாகனத்துக்கு 8 ஆண்டுகள் ஆகும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும், அதன் பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பர்மிட் இல்லாமல் இயக்கினால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ரூ.10,000 அபராதமும் 6 மாதம் வரை சிறைத் தண்டனையும் விதிக்கலாம்.

எத்தனை குழந்தைகளை ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. 12 வயதுக்கு உட்பட்டோர் எனில், இருக்கைகளின் எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்கு வரை பல மாநிலங்களில் அனுமதிக்கப்படுகிறது. ஓட்டுநர் உள்பட 7 பேர் அமரும் சிறிய வேனில், ஓட்டுநர் இருக்கை நீங்கலாக 6 இடங்கள் உள்ளன. எனவே 9 குழந்தைகள் வரை ஏற்றலாம்.

ஒரு வேனின் மாதக் கணக்கு

இந்த 7 இருக்கை வேனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான மதிப்பீடுகள். நகரத்துக்கு நகரம் அவை மாறும்.

சிஎன்ஜியில் இயங்கும் புதிய வேன், பதிவுச் செலவு உள்பட ரூ.7 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரூ.1.5 லட்சத்தை உரிமையாளர் கையிலிருந்து செலுத்தி, மீதி ரூ.5.5 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.12,000 வரும். காப்பீடு, வரி, பர்மிட், தகுதிச் சான்று ஆகியவற்றுக்கு மாதம் ரூ.4,000, டயர் மற்றும் பராமரிப்புக்கு ரூ.3,000 தேவைப்படும். காலை, மாலை சேர்த்து நாளொன்றுக்கு 50 கி.மீ., மாதம் 24 நாள்கள் எனக் கொண்டால் எரிபொருளுக்கு ரூ.6,000 ஆகும். மொத்தம் ரூ.25,000. ஓட்டுநருக்கான ஊதியம் ரூ.15,000 சேர்ந்தால் ரூ.40,000.

மாதக் கட்டணம் ரூ.2,000 எனில், 9 குழந்தைகளிடமிருந்து கிடைப்பது ரூ.18,000 மட்டுமே. எனவே ஒரே நடையில் இந்தத் தொழில் நிற்காது. தொடக்க நேரம் வேறுபடும் இரண்டு பள்ளிகளுக்கு இரண்டு நடை ஓட்டினால், 18 குழந்தைகள் மூலம் வருவாய் ரூ.36,000 ஆகும். ஆனால் கூடுதல் எரிபொருளுக்கு ரூ.4,000 சேர்ந்து செலவும் ரூ.44,000 ஆகிறது. அப்போதும் ரூ.8,000 பற்றாக்குறை.

இந்த இடத்தில்தான் விதிமீறல் தொடங்குகிறது. நடைக்கு 9 பேருக்குப் பதிலாக 14 பேரை ஏற்றினால் வருவாய் ரூ.56,000 ஆகி, பற்றாக்குறை ரூ.12,000 உபரியாக மாறிவிடும். கூடுதல் பயணி ஒருவருக்குச் சட்டம் விதிக்கும் அபராதமோ ரூ.200. ஒரு நடையில் 5 பேர் கூடுதலாக இருந்து பிடிபட்டால் ரூ.1,000 செலுத்தினால் போதும். மாதம் முழுவதும் கிடைக்கும் ரூ.20,000 கூடுதல் வருவாயின் முன் அந்த அபராதம் ஒரு தடையே அல்ல.

முறையாக இயக்கினால் கட்டணம் எவ்வளவு?

பகுதிநேர உதவியாளருக்கு ரூ.6,000 சேர்த்தால் மாதச் செலவு ரூ.50,000 ஆகும். 18 குழந்தைகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ ரூ.2,780. கோடை விடுமுறையில் ஒரு மாதம் பெற்றோர் கட்டணம் செலுத்துவதில்லை என்றாலும், தவணை, காப்பீடு, ஓட்டுநர் ஊதியம் ஆகியவை நிற்பதில்லை. அந்தச் சுமையை மற்ற 11 மாதங்களில் பரப்பினால் கட்டணம் ரூ.2,900-ஐத் தாண்டும். உதவியாளர் முன் இருக்கையில் அமர்ந்தால் குழந்தைகளுக்கான இடம் மேலும் குறையும்.

இதில் மற்றொரு சிக்கலும் உள்ளது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை, இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றிப் பயணித்தால் ரூ.1,000 அபராதம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. ஓர் இருக்கைக்கு ஒரு பட்டை என்பதால், 6 இடங்களில் 9 குழந்தைகள் அமர்ந்தால் 3 பேருக்குப் பட்டை இருக்காது. நடைக்கு 6 பேர் மட்டுமே என்றால், உதவியாளர் அமரும் இடத்தைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும்கூட, கட்டணம் ரூ.4,100-ஐத் தாண்டுகிறது.

வெள்ளை எண் பலகையின் ஆபத்து

செலவைக் குறைக்கச் சிலர் கையாளும் மற்றொரு வழி, சொந்தப் பயன்பாட்டுக்காகப் பதிவு செய்த வெள்ளை எண் பலகை வேனைப் பள்ளிக்கு ஓட்டுவது. இதனால் பர்மிட், தகுதிச் சான்று, வணிகக் காப்பீடு ஆகியவற்றுக்கான செலவு மிச்சமாகும். ஆனால் விபத்து நேர்ந்தால், வாடகைக்கு இயக்கியது காப்பீட்டு நிபந்தனைக்கு முரணானது எனக் கூறி நிறுவனம் பொறுப்பை மறுக்க முடியும். இழப்பீட்டை முதலில் நிறுவனம் செலுத்துமாறு நீதிமன்றம் உத்தரவிட்டாலும், பின்னர் அதை வேன் உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வாய்ப்புண்டு.

தகுதிச் சான்று வெறும் காகிதம் அல்ல என்பதற்குப் பஞ்சாப் மாநிலம் சங்ரூர் மாவட்டம் லோங்கோவாலில் 2020-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நேர்ந்த விபத்து சான்று. மிகப் பழைய பள்ளி வேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோதே தீப்பிடித்ததில் 4 குழந்தைகள் உயிரிழந்தனர்.

பெற்றோர் எதைப் பார்க்க வேண்டும்?

வேனின் பதிவு எண்ணை மத்திய அரசின் எம்-பரிவாகன் செயலியில் உள்ளிட்டால், வாகனத்தின் வகை, தகுதிச் சான்று மற்றும் காப்பீடு காலாவதியாகும் நாள் ஆகியவற்றை அறியலாம். சிஎன்ஜி உருளையை 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். அதற்கான சான்றைக் கேட்டுப் பெறலாம். பின்புறம் உருளைக்கு மேல் பலகை போட்டுக் குழந்தைகளை அமர்த்தியிருந்தால், அந்த வேன் அளவுக்கு மீறி ஏற்றுகிறது என்று பொருள். முதலில் ஏறும் குழந்தையின் பெற்றோர் இதைக் காண இயலாது. எனவே பள்ளி வாசலில் குழந்தைகள் இறங்கும்போது எண்ணிப் பார்ப்பதே சரியான வழி.

கட்டணம் பேசும்போது, நடைக்கு எத்தனை குழந்தைகள், உதவியாளர் உண்டா, விடுமுறை மாதத்துக்குக் கட்டணம் உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் பெறுவது இரு தரப்புக்கும் நல்லது. ரூ.2,000-க்கு வேன் கிடைக்கிறது என்றால், மேற்கண்ட செலவுகளில் எதைத் தவிர்த்து அந்தத் தொகை சாத்தியமாகிறது என்பதையும் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.