ஆறில் ஒரு முடிச்சு

வெண்மணலை உருக்க 1,700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். உருகி ஆறியபின் கிடைக்கும் தூய சிலிக்காக் கண்ணாடியை மறுபடி இளக வைக்கவும் ஏறக்குறைய 1,650 டிகிரி வரை போயாக வேண்டும். ஆனால் நம் வீட்டு ஜன்னலில் இருக்கும் கண்ணாடி 730 டிகிரியை நெருங்கும்போதே தன் எடையைத் தாங்கமுடியாமல் தொய்ந்துவிடுகிறது. இத்தனைக்கும் அதன் எடையில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதே மணல்தான். மீதியில் பெரும்பங்கு சோடா. துணி துவைக்கப் பயன்படும் சலவை சோடாவைத்தான் சொல்கிறேன். அது மணலுக்குள் புகுந்து செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள, முதலில் சோடா சேராத கண்ணாடியின் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

சிலிக்காவின் அடிப்படை அலகு ஒரு நான்முகி. நடுவில் ஒரு சிலிக்கான் அணு, அதைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள். ஒவ்வொரு மூலை ஆக்சிஜனும் பக்கத்து நான்முகிக்கும் பொதுவானது. அதாவது இரண்டு சிலிக்கான்களுக்கு நடுவே அது ஒரு பாலம். குவார்ட்ஸ் படிகத்தில் இந்த நான்முகிகள் ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒரே அமைப்பில் அடுக்கப்பட்டிருக்கும். கண்ணாடியிலும் நான்முகி அதேதான், பாலமும் அதேதான். ஆனால் பாலம் மடியும் கோணம் இடத்துக்கு இடம் சற்று மாறுகிறது. அந்தச் சிறு மாற்றம் சேர்ந்து சேர்ந்து, சில அடுக்குகள் தாண்டுவதற்குள் ஒழுங்கே இல்லாமல் போய்விடுகிறது. 1932இல் வில்லியம் ஜக்கரியாசன் இந்தச் சித்திரத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அப்போது அது பெரும்பாலும் தர்க்கத்தால் எட்டிய முடிவு. அடுத்த சில ஆண்டுகளில் வாரன் எக்ஸ் கதிர்களைக் கொண்டு செய்த சோதனைகள் அதற்கு வலுச்சேர்த்தன.

இப்படித் தானாகவே வலை பின்னக்கூடிய ஆக்சைடுகளை வலையாக்கிகள் என்று சொல்லலாம். சிலிக்கா, போரான் ஆக்சைடு, பாஸ்பரஸ் ஆக்சைடு போன்ற சிலதான் அந்த வகை. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளால் வலை பின்ன முடியாது. இருக்கும் வலையை மாற்றத்தான் முடியும். அவை வலைமாற்றிகள். இந்தப் பிரிவினை பிணைப்பின் வலுவில் இருக்கிறது. சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்றை அறுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் சோடியம்–ஆக்சிஜன் பிணைப்பு அறுந்துவிடும்.

அடுத்து, 'இளகுவது' என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பனிக்கட்டி 0 டிகிரியில் சட்டென்று நீராகிறது. கண்ணாடிக்கு அப்படி ஓர் எல்லைக்கோடு கிடையாது. சூடு ஏற ஏற அதன் பாகுத்தன்மை படிப்படியாகக் குறையும்; அவ்வளவுதான். அதனால் எந்த இடத்தை இளகுநிலை என்று அழைப்பது என மனிதர்கள் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தில் பணியாற்றிய லிட்டில்டன் அதற்கு எளிய வழி ஒன்றைக் கண்டார். முக்கால் மில்லிமீட்டருக்கும் மெல்லிய, ஏறக்குறைய ஒரு சாண் நீளக் கண்ணாடி இழையைச் சிறு உலையில் தொங்கவிட்டுச் சூடேற்ற வேண்டும். தன் எடையாலேயே அது நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நீளத் தொடங்கும் வெப்பநிலைதான் இளகுநிலை. ஆக, இளகுநிலை சொல்வது உருகுவதைப் பற்றியல்ல, ஓடுவதைப் பற்றி. வலை எவ்வளவு எளிதாகத் தன்னைக் கலைத்து வேறுவிதமாகப் பின்னிக்கொள்கிறது என்பதே கேள்வி.

இனி சோடாவைச் சேர்ப்போம். உலையில் சோடா 850 டிகிரி அளவிலேயே உருகி மணல் துகள்களைச் சூழ்ந்து அரிக்கத் தொடங்கும். கார்பன் டைஆக்சைடு குமிழ்குமிழாக வெளியேறும். சோடியம் ஆக்சைடு மட்டும் உருகலில் தங்கும். அதில் ஓர் ஆக்சிஜனும் இரண்டு சோடியமும் உண்டு. இந்தப் புதிய ஆக்சிஜன் ஒரு பாலத்தில் புகும்போது, முன்பு ஓர் ஆக்சிஜனைப் பகிர்ந்துகொண்டிருந்த இரண்டு சிலிக்கான்களுக்கும் தனித்தனியே ஓர் ஆக்சிஜன் கிடைத்துவிடுகிறது. பகிர வேண்டிய தேவை தீர்ந்தது, பாலம் போனது. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரு பக்கம் மட்டும் பிணைந்து, மறுபக்கம் எதிர்மின்னூட்டத்தோடு வெற்றுமுனைகளாக நிற்கின்றன. அவற்றின் அருகே ஆளுக்கொரு சோடியம் அயனி வந்து அமர்கிறது. ஒரு சோடியம் ஆக்சைடு, ஒரு பாலம்: கணக்கு இவ்வளவு நேர்த்தியானது.

அந்தக் கணக்கை ஒரு சாதாரணக் கண்ணாடிக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜன்னல் கண்ணாடியை எளிமைப்படுத்தி, நூறு மூலக்கூறுகளில் 75 சிலிக்கா, 15 சோடியம் ஆக்சைடு, 10 சுண்ணாம்பு (கால்சியம் ஆக்சைடு) என்று வைத்துக்கொள்வோம். 75 நான்முகிகளுக்கு 300 மூலைகள்; இரண்டு மூலைக்கு ஒன்றாக 150 பாலங்கள். சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்து 25 பாலங்களை எடுத்துவிடுகின்றன. மிஞ்சுவது 125 பாலங்களும் 50 வெற்றுமுனைகளும். அதாவது ஆறில் ஒரு பாலம்தான் போயிருக்கிறது. சராசரியாக மூன்று நான்முகிகளில் இரண்டுக்கு ஒரு வெற்றுமுனை. கட்டடத்துக்குக் கட்டிய மூங்கில் சாரத்தில் ஆறில் ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டது போலத்தான். சாரம் விழுந்துவிடாது, ஆனால் ஆட்டம் கண்டுவிடும்.

ஆறில் ஒன்றை இழந்ததற்கு 900 டிகிரிக்கு மேல் இறக்கமா? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பாலங்களின் எண்ணிக்கை மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு இறக்கம் வராது. தூய சிலிக்காவில் ஒரு நான்முகி இடம்பெயர வேண்டுமானால், அதன் வலுவான பிணைப்பு ஒன்று அப்படியே அறுபட வேண்டும். அறுந்த முனையைப் பற்றிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் கிடையாது. எல்லா ஆக்சிஜனும் ஏற்கெனவே இரண்டு சிலிக்கான்களோடு பிணைந்திருக்கின்றன. சோடாக் கண்ணாடியில் வெற்றுமுனை ஆக்சிஜன்கள் அருகிலேயே இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஒரு சிலிக்கானை நெருங்கி ஒட்டிக்கொள்ள, அந்தச் சிலிக்கான் சற்று நேரத்துக்கு நான்குக்குப் பதில் ஐந்து ஆக்சிஜனோடு இருக்கும். பிறகு பழைய பிணைப்பு ஒன்றைக் கைவிடும். வெறும் அறுப்பாக இருந்தது இப்போது கைமாற்றாகிவிட்டது. ஆகும் செலவும் மிகக் குறைவு. விடுபட்ட ஆக்சிஜன் இப்போது புதிய வெற்றுமுனை. அது அடுத்த இடத்தில் இதையே செய்யும். ஒரே முனை இப்படி ஊர்ந்து ஊர்ந்து பல பாலங்களைத் திருத்தியமைக்கிறது.

முதல் சில சதவீதச் சோடாவே பாகுத்தன்மையை ஆயிரக்கணக்கான மடங்கு இறக்கிவிடுவதற்கும், அதற்குப்பின் சேர்க்கும் ஒவ்வொரு சதவீதத்தின் பலன் குறைந்துகொண்டே போவதற்கும் இது பொருத்தமான விளக்கம். வெற்றுமுனையே இல்லாத இடத்தில் முதலில் வந்து சேர்பவைதான் பெரிய மாற்றத்தைச் செய்கின்றன.

ஆலஜன் விளக்கை வெறுங்கையால் தொடக் கூடாது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதற்கும் இதில் தொடர்பு இருக்கிறது. அந்த விளக்கின் கூடு பெரும்பாலும் குவார்ட்ஸ் கண்ணாடி. விரலில் இருக்கும் வியர்வை உப்பில் சோடியம் உண்டு. விளக்கு எரிந்து கூடு பல நூறு டிகிரிக்குச் சூடேறும்போது, விரல் பட்ட இடத்தில் சோடியம் வலையைத் தளர்த்துகிறது. அணுக்களுக்கு நகர இடம் கிடைத்ததும் அவை கண்ணாடி நிலையை விட்டுப் படிகமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த இடம் வெளிறி, பின்னர் விரிசல் விடும். கைபட்டுவிட்டால், விளக்கைப் போடுவதற்கு முன் ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்துவிடுவதே தீர்வு.

சோடா இவ்வளவு உதவியாக இருந்தால் இன்னும் அள்ளிப் போடலாமே என்றால், தடையாக வருவது தண்ணீர். மணலையும் சோடாவையும் மட்டும் உருக்கினால் கிடைப்பது தண்ணீரில் கரையும் சிலிகேட். அட்டைப்பெட்டி ஒட்டும் பசையாக அது விற்பனைக்கே வருகிறது. சோடியம் தன் ஆக்சிஜனைத் தளர்வாகவே பிடித்திருப்பதால், ஈரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் அயனி எளிதில் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதோடு சோடியம் அயனிகள் வலை முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. 1985இல் கிரீவ்ஸ் முன்வைத்த மாதிரியின்படி அவை கூட்டாகச் சேர்ந்து வாய்க்கால் போன்ற தடங்களில் இருக்கின்றன. வெளியேறவும் அந்தத் தடங்களே வழி.

இதைத் தடுக்கத்தான் சுண்ணாம்பு. கால்சியமும் வலைமாற்றிதான், அதுவும் பாலத்தை எடுக்கும். ஆனால் அதற்கு இரட்டை மின்னூட்டம். ஒரே அயனி இரண்டு வெற்றுமுனைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், லேசில் இடம்பெயராது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வெனிஸ் அருகே முரானோத் தீவின் பழைய கிண்ணங்களில் காணலாம். 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த கைவினைஞர்கள் நிறமே இல்லாத கண்ணாடி வேண்டுமென்று, சோடாவுக்காகப் பயன்படுத்திய தாவரச் சாம்பலை நீரில் கரைத்துக் காய்ச்சி வடிகட்டினார்கள். நிறம் தரும் அழுக்கோடு சாம்பலில் இருந்த சுண்ணாம்பும் வண்டலாக ஒதுங்கிவிட்டது. படிகம் போலத் தெளிந்த கண்ணாடி கிடைத்தது. ஆனால் அவற்றில் சில இன்று அருங்காட்சியக அலமாரிகளில் ஈரக்காற்றில் வழவழவென்று கசிகின்றன, காற்று வறண்டால் நுண்விரிசல் விடுகின்றன.

நம் ஜன்னல் கண்ணாடிக்கும் இந்த ஆபத்து முழுமையாக நீங்கவில்லை. வெயில் மழையில் நிற்கும் பலகை பெரும்பாலும் தப்பித்துவிடும், ஏனென்றால் வெளியேறிய சோடியத்தை மழை கழுவிக்கொண்டு போகிறது. கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பலகைகளுக்குத்தான் சிக்கல். இடுக்கில் தேங்கிய ஈரம் சோடியத்தை இழுத்துக் காரமாகிறது. காரம் ஏறினால் அது சிலிக்கா வலையையே கரைக்கத் தொடங்கும். பலகைகளுக்கு நடுவே தாளோ, லேசான அமிலம் கலந்த பொடியோ இடுவது இதற்காகத்தான். பலகையில் வெள்ளைப் படலம் தெரிந்து, அது தண்ணீரில் கழுவினால் போய்விட்டால் வெளியேறியது சோடியம் மட்டுமே. வானவில் மினுமினுப்போ, கழுவியும் போகாத மங்கலோ தெரிந்தால் வலையே அரிபட்டிருக்கிறது. அந்தப் பலகையை மெருகேற்றித் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் உடைத்து மறுபடி உலையில் போட வேண்டும்.