பட்டப்பெயரும் பட்டமும்

கிராமத்துப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் நிற்கிறது. நடுவில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக ஒரு பையன். பெயருக்குப் பின்னால் பி.இ., பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயர். சுற்றிலும் தபால்தலை அளவில் பதினைந்து முகங்கள், எல்லோரும் அரசுப் பள்ளியில் அவனுடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். 'விவசாயக் குடும்பத்தின் முதல் பட்டதாரியே, வாழ்த்துகிறோம்' என்கிறது வாசகம். தமிழ்நாட்டில் சாலை வழியே பயணம் செய்கிறவர்களுக்கு இந்தக் காட்சி புதிதில்லை.

வாசகத்தில் உள்ள 'முதல் பட்டதாரி' அலங்காரச் சொல் அல்ல, வருவாய்த்துறைச் சொல். பரம்பரையிலேயே பட்டம் பெற்றவர் இல்லாத மாணவர்களுக்கு, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்று 2010இல் தமிழக அரசு அறிவித்தது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரிப்பார், வருவாய் ஆய்வாளர் பரிந்துரைப்பார். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா என யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதியாக வேண்டும். அப்பா எட்டாவதோடு நின்றதை வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. இந்த ஒரு விண்ணப்பத்தில் மட்டும் அது தகுதியாகிவிடுகிறது!

சலுகை வீட்டுக்கு ஒருவருக்குத்தான். அண்ணன் வாங்கிவிட்டால் தங்கைக்குக் கிடையாது. அதனால் அவன் படிப்பைப் பாதியில் விட்டால் நஷ்டம் அவனோடு போவதில்லை.

வகுப்புத் தோழர்களுக்கு இதெல்லாம் தெரியும். அந்தப் பதினைந்து பேரில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பார், ஒருவர் ஜேசிபி ஓட்டுவார், இன்னொருவர் ஐடிஐ முடித்து ஃபிட்டர். மும்முனை மின்சாரம் இரவு முறையில் வந்தால், மோட்டார் போட டார்ச்சோடு யார் போனார்கள், மறுநாள் முதல் பீரியடில் யார் தூங்கி வழிந்தார்கள் என்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்தான். பேராசிரியரின் வாழ்த்து மதிப்பெண்ணைப் பார்த்து வருகிறது. இவர்களின் வாழ்த்துக்கு அந்தத் தூக்கமும் கணக்கில் உண்டு.

விவசாய வீட்டில் பிள்ளை படிக்கப் போனால் கட்டணத்தோடு இரண்டு கைகளும் போய்விடுகின்றன. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே.சிவன் இதைப் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். குமரி மாவட்டம் சரக்கல்விளையில் விவசாயி மகன், குடும்பத்தின் முதல் பட்டதாரி. வயல் வேலைக்கு உதவ வேண்டும் என்பதற்காகவே அப்பா அவரைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்த்தாராம். பொறியியல் கேட்டு ஒரு வாரம் பட்டினி கிடந்தும் பலிக்கவில்லை, பி.எஸ்ஸி. கணிதம்தான் கிடைத்தது. அதை முடித்த பிறகு, நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன் என்று அப்பாவே இறங்கிவந்தார். கல்லூரிக்கும் வேட்டியில் போனவர், சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோதுதான் முதன்முதலாக பேன்ட் போட்டார். 2018இல் அவர் இஸ்ரோ தலைவரானார்.

பேனருக்கு வருவோம். எட்டடிக்கு ஆறடி என்றால் 48 சதுர அடி. சதுர அடிக்குப் பதினைந்து ரூபாய் வைத்தாலும் அச்சுக்கு 720 ரூபாய். ரீப்பர் சட்டமும் சவுக்குக் கம்பும் தனி. தலைக்கு நூறு ரூபாய் போட்டால் பதினைந்து பேரில் கணக்கு முடிந்து, டீக்கும் மிச்சமிருக்கும். சாலையோரம் வைப்பதென்றால் அனுமதி வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2019இல் சென்னை பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பொறியாளர் மீது பேனர் சரிந்து, கீழே விழுந்தவர் மேல் லாரி ஏறியது. வீட்டு வாசலிலோ களத்திலோ கட்டுகிறவர்கள் புத்திசாலிகள்.

இன்னொரு இடறலும் இருக்கிறது, அதுதான் தோழர்களுக்கு மட்டும் தெரிந்த இடம். கடைசிப் பரீட்சை எழுதி ஊருக்கு வந்ததுமே அம்மாவுக்கு அவன் இன்ஜினியர். ஆனால் இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் ஓர் அரியர் நின்றால்கூடப் பட்டச் சான்றிதழ் வராது. ஆகவே ஆர்டர் கொடுக்கும் முன் ஒருவன் தனியாக போன் செய்வான். "மாப்ள, அரியர் எல்லாம் கிளியரா? அச்சடிச்சிரலாமா?" வீட்டில் யாருக்கும் கேட்கத் தெரியாத கேள்வி அது. எதிர்முனையில் மௌனம் என்றால், "சரிடா, நவம்பர்ல எழுது, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பேச்சை மாற்றிவிடுவான். வாட்ஸ்அப் குழுவில் மூச்சு விடமாட்டான்.

இந்த முறை எல்லாம் கிளியர். பேனர் பத்து நாள் நின்றது. பிறகு அப்பா அதைக் கழற்றிச் சுருட்டினார், தூக்கிப்போடவில்லை. ஃப்ளெக்ஸில் தண்ணீர் இறங்காது. இப்போது அது ஆட்டுக்கொட்டகையின் கூரைமேல் கிடக்கிறது. பட்டப்பெயர் வெளியே தெரிகிறது, பி.இ. மடிப்புக்குள் போய்விட்டது.