விலையும் அதன் சராசரியும்

சந்தைக்குச் செல்பவர் எவரும் விலையைத் தனியே பார்ப்பதில்லை. கிலோ ஒன்று 300 ரூபாய் எனக் கேட்டதும், சென்ற சில வாரங்களில் தாம் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு, "இது அதிகம், சில நாள் பொறுத்தால் இறங்கும்" என்கிறார். இந்த எளிய நினைப்பில் இரண்டு கூற்றுக்கள் உள்ளன. விலை வழக்கத்தினின்று விலகியுள்ளது என்பது ஒன்று. விலகியது மீண்டும் வழக்கத்திற்குத் திரும்பும் என்பது மற்றொன்று. முதலாவதை அளந்து அறியலாம். இரண்டாவதை அவ்வளவு எளிதிற் சொல்ல முடியாது. நேயர்களே, இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் தவறு பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

முதலில் அளக்கும் முறையைக் காண்போம். ஒரு பொருளின் முந்திய 20 நாள் விலைகளைக் கூட்டி 20 ஆல் வகுத்தால் ஒரு சராசரி கிடைக்கும். மறுநாள் மிகப் பழைய விலையை நீக்கி, புதிய விலையைச் சேர்த்து, மீண்டும் வகுக்கிறோம். நாள்தோறும் இவ்வாறு முன்னகர்வதால் இதற்கு நகரும் சராசரி என்று பெயர். இன்றைய விலையிலிருந்து இச்சராசரியைக் கழித்தால் வருவது விலகல். சராசரி 100 ரூபாயாகவும் இன்றைய விலை 106 ரூபாயாகவும் இருந்தால், விலகல் 6 ரூபாய், அதாவது நூற்றுக்கு 6 ஆகும்.

ஆனால் நூற்றுக்கு 6 என்பது பெரிதா, சிறிதா? அது பொருளின் இயல்பைப் பொறுத்தது. வழக்கமாகவே 6 ரூபாய் ஏறி இறங்கும் பொருளுக்கு இது சாதாரண அசைவு. 2 ரூபாய்க்கு மேல் அசையாத பொருளுக்கோ இது அசாதாரணம். ஆகையால் அந்த 20 நாள் விலைகள் தம் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதையும் கணிக்கின்றனர். பாடசாலைக் கணிதத்தில் நியம விலகல் எனப் பயில்வது இதுவே. விலகலை இதனால் வகுத்தால், முதற்பொருள் ஒரு மடங்கும் இரண்டாம் பொருள் மூன்று மடங்கும் விலகியுள்ளன என்று சொல்லலாம். வெவ்வேறு பொருள்களை ஒரே கோலால் அளப்பதற்கு இம்முறை உதவுகின்றது.

இனி, திரும்புதற்கான நிகழ்தகவு. இதனை ஊகித்தல் ஆகாது; பழைய பதிவுகளைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் விலகிய நாட்களைக் குறித்து, அவற்றின் பின் பத்து நாட்களுள் விலை சராசரியைத் தொட்டதா எனப் பார்க்கிறோம். இங்கு ஒரு கவனம் தேவை. ஒரே ஏற்றத்தில் அடுத்தடுத்து ஐந்து நாட்கள் குறிக்கப்பட்டால், அவை ஐந்து சாட்சிகள் அல்ல. ஒரே சாட்சி ஐந்து முறை பேசுவது போன்றதே. ஆகவே அவற்றை ஒரு நிகழ்ச்சியாகவே எண்ணவேண்டும்.

உதாரணத்துக்கு, இவ்வாறு எண்ணியதில் 12 நிகழ்ச்சிகள் கிடைத்தன, அவற்றுள் 9 திரும்பின என வைத்துக்கொள்வோம். நான்கில் மூன்று பங்கு! இறங்கும் என்று நம்பிப் பணத்தை வைப்பவருக்கு இது நல்ல நிலைபோலத் தோன்றும். எனினும், திரும்பிய ஒவ்வொரு முறையும் 4 ரூபாய் இலாபமும், திரும்பாத ஒவ்வொரு முறையும் 15 ரூபாய் நட்டமும் ஏற்பட்டிருந்தால் கணக்கு எப்படி முடிகிறது? இலாபம் 36 ரூபாய். நட்டம் 45 ரூபாய். பெரும்பாலும் சரியாகவே ஊகித்தவர் முடிவில் இழக்கிறார். எத்தனை முறை திரும்பிற்று என்பதோடு, திரும்பாதபோது எவ்வளவு தூரம் சென்றது என்பதையும் எழுதி வைத்தாலன்றி அந்தக் கணக்கு முழுமை பெறாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. விலைக்கும் சராசரிக்கும் உள்ள இடைவெளி இரண்டு வழிகளில் மூடப்படலாம். விலை இறங்கிவந்து சராசரியைச் சேரலாம். அல்லது விலை மேலேயே நிற்க, சராசரி ஏறிச்சென்று அதனை அடையலாம். எந்த வழியில் மூடினாலும் விலகல் பூச்சியமே. ஏட்டில் "திரும்பியது" என்று எழுதப்படும். வாங்குபவருக்கோ விலை குறைந்திராது. அதுமட்டுமன்று. ஒரு விலை நாள்தோறும் ஒரு ரூபாய் வீதம் ஒழுங்காக உயர்ந்தால், முந்திய 20 நாட் சராசரிக்கு மேல் எப்பொழுதும் பத்தரை ரூபாய் தள்ளியே நிற்கும். அவ்விலகல் விலை இறங்கப்போவதன் அறிகுறியன்று. சராசரி பின்தங்கி வருவதன் அடையாளமே.

இதற்கு நம் நாட்டிலேயே மறக்கவொண்ணாத சான்று உண்டு. 2021 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்க டொலரின் உத்தியோகபூர்வ விலை ஏறக்குறைய 202 ரூபாயில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் 7 ஆம் நாள் மத்திய வங்கி அப்பிடியைத் தளர்த்தி, 230 ரூபாய்க்கு மேற்படாத விலையில் கொடுக்கல் வாங்கல் நடைபெறும் என அறிவித்தது. அந்த 230 ரூபாயை நமது கோலால் அளந்து பார்ப்போம். சராசரி 202, விலகல் 28 ரூபாய், அதாவது ஏறக்குறைய நூற்றுக்கு 14. முந்திய நாட்களின் சிதறலை அரை ரூபாய் எனத் தாராளமாகக் கொண்டாலும், விலகல் 56 மடங்கு ஆகின்றது. இரண்டு மடங்கையே பெரிதெனக் கருதும் கணக்கில் இது நம்பவியலாத எண். "இவ்வளவு நீண்டது சுருங்கியே தீரும்" என்று அக்கணக்கு சொல்வதுபோல் இருந்தது.

டொலரோ இறங்கவில்லை. சில நாட்களிலேயே 230 ரூபாயைக் கடந்து ஏறி, மே மாத நடுவில் 360 ரூபாய் அளவில் நின்றது. பின்னர் அவ்வாண்டு முழுவதும் அந்த அளவிலேயே நிலைத்தது. 20 நாட் சராசரியும் மெல்ல ஏறி அதனையே அடைந்தது. விலகல் பூச்சியமாயிற்று, ஆனால் நகர்ந்தது சராசரியே. வெளிநாட்டிற் கற்கும் பிள்ளைக்கு ஆயிரம் டொலர் அனுப்பவேண்டிய தந்தை ஒருவர், 230 ரூபாய்க்கு அது கிடைக்கக் கூடியதாய் இருந்தும் இறங்குமென்று காத்திருந்தாராயின், 230,000 ரூபாயுடன் முடியவேண்டிய காரியத்துக்கு 360,000 ரூபாய் கொடுத்திருப்பார்.

கணக்கு எங்கே பிழைத்தது? கூட்டலிலும் வகுத்தலிலும் பிழை இல்லை. அந்த அரை ரூபாய்ச் சிதறல் சந்தையின் இயல்பைக் காட்டவில்லை. விலையைப் பிடித்திருந்த கையின் பலத்தையே காட்டிற்று. அந்நியச் செலாவணிக் கையிருப்பு வற்றியபோது கை தளர்ந்தது. அத்துடன் பழைய சராசரி பொருளற்றதாயிற்று. அணை நீரின் அமைதியைக் கண்டு ஆற்றின் வேகத்தை அளக்க முயல்வதை இது ஒக்கும்.

ஆகவே விலகல் மிகப் பெரிதாகத் தோன்றும் நாளில், திரும்புமா என்று கேட்பதற்கு முன் வேறு இரண்டு வினாக்களை எழுப்புதல் நன்று. இந்த விலகலுக்குக் காரணம் யாது? அக்காரணம் கடந்துபோகக் கூடியதா? ஒரு வார மழையால் லொறிகள் வராமல் மரக்கறி விலை ஏறினால், பாதை திறந்ததும் அது இறங்கும். பழைய சராசரிக்கு இன்னும் மதிப்பு உண்டு. விலையைத் தாங்கிய ஏற்பாடே மாறிவிட்டால், அந்தச் சராசரி நேற்றைய உலகின் எண். அடுத்து, சராசரி எப்பக்கம் நகர்கிறது எனப் பார்க்கவேண்டும். அது கிடையாக நிற்க விலை மட்டும் துள்ளியிருந்தால் திரும்புவதற்கு இடமுண்டு; நாள்தோறும் அதுவும் விலையைத் தொடர்ந்து ஏறினால், இடைவெளியை மூடப்போவது எது என்பதை அதுவே சொல்லிவிடும். ஆனால் பிடி தளர்ந்த முதல் நாளில் டொலரின் சராசரியும் கிடையாகவே நின்றது. அதனாலேயே காரணத்தைக் கேட்கும் வினாவை முதலில் வைத்தேன்.